0.3ஐத் தொடர் பின்னமாக்கினால் 750599937895082 எங்கிருந்து வந்தது?

மீதிப்புலி

தொடர் பின்னம் பற்றி இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். முறை எளிதாகத்தான் இருந்தது. எண்ணின் முழுப்பகுதியை எடுத்து எழுதி வை, மிச்சத்தைத் தலைகீழாக்கு, அதன் முழுப்பகுதியை எடு, மிச்சம் இல்லாமல் போகும் வரை இதையே செய். 3/10ஐக் கையால் போட்டேன். முழுப்பகுதி 0. தலைகீழாக்கினால் 10/3, அதில் 3 போக மிச்சம் 1/3. அதைத் தலைகீழாக்கினால் 3, மிச்சம் இல்லை. ஆக [0; 3, 3].

அதையே பைத்தானில் எழுதினேன்.

```python
x = 0.3
for i in range(5):
    a = int(x)
    print(a)
    x = 1 / (x - a)
```

வந்தது 0, 3, 2, 1, 750599937895082. கடைசி எண்ணைப் பார்த்ததும் ஏதோ தட்டச்சுப் பிழை என்று நினைத்து மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். அதேதான். அந்த ராட்சச எண்ணை விட்டாலும், 3, 3 வரவேண்டிய இடத்தில் 3, 2, 1 ஏன்?

இன்னொரு கேள்வியும் உண்டு. "இது உண்மையில் திரும்பத் திரும்ப வகுப்பதுதான்" என்று ஒரு வரி படித்தேன். நான் எங்கும் வகுக்கவே இல்லையே, தலைகீழாகத்தானே ஆக்குகிறேன்?

தனிமரம்

0.3 என்பதைக் கணினி இரும எண் முறையில் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது, அதுதான் காரணம். மூன்றாவது எண்ணிலிருந்தே உங்கள் விடை தப்பு. ஒரு விகிதமுறு எண்ணுக்கு ஒரே ஒரு தொடர் பின்னம்தான் உண்டு. 3, 3 என்றால் 3, 3தான்.

பழைய வாத்தியார்

தனிமரம் சொன்னதில் முதல் வரி சரி, மற்றது சரியில்லை. ஆனால் அதற்கு முன்னால் வகுத்தல் கேள்வியை முடித்துவிடுவோம். அது புரிந்தால் மற்றது தானே வரும்.

3/10 மிகச் சின்னது, அதில் எதுவும் தெரியாது. 972/421 எடுத்துக்கொள்ளுங்கள். பின்னத்தை மறந்துவிட்டு, பள்ளியில் மீப்பெரு பொது வகுத்தி கண்டுபிடிக்கச் செய்வது போல வகுத்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தடவையும் பழைய வகுக்கும் எண்ணை வந்த மீதியால் வகுக்க வேண்டும்.

972 = 2 × 421 + 130
421 = 3 × 130 + 31
130 = 4 × 31 + 6
31 = 5 × 6 + 1
6 = 6 × 1 + 0

இப்போது முதல் வரியை முழுவதும் 421ஆல் வகுத்துப் பாருங்கள். 972/421 = 2 + 130/421. நீங்கள் "முழுப்பகுதியை எடுத்து வை" என்கிற 2 இதுதான், வகுத்தலின் ஈவு. மிச்சம் 130/421. அதைத் தலைகீழாக்கினால் 421/130. இது இரண்டாவது வரியில் நீங்கள் செய்யப்போகும் வகுத்தல். தலைகீழாக்குவது என்பது வகுத்த எண்ணை வகுபடும் இடத்துக்கும், மீதியை வகுக்கும் இடத்துக்கும் நகர்த்துவது. வேறொன்றும் இல்லை. நீங்கள் வகுக்கவே இல்லை என்று சொன்னீர்களே, ஒவ்வொரு "முழுப்பகுதி"யிலும் வகுத்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

ஆக ஈவுகளை மேலிருந்து கீழாகப் படித்தால் 2, 3, 4, 5, 6. அதுவே தொடர் பின்னம், [2, 3, 4, 5, 6]. சரிபார்க்க வேண்டுமானால் அடியிலிருந்து ஏறுங்கள். 6; அதன் மேல் 5 + 1/6 = 31/6; 4 + 6/31 = 130/31; 3 + 31/130 = 421/130; 2 + 130/421 = 972/421. ஏறும்போது வந்த எண்களைப் பாருங்கள்: 6, 31, 130, 421, 972. இறங்கும்போது மீதிகளாக வந்தவையே திரும்பி வருகின்றன.

மீதிப்புலி

ஓ, ஈவும் முழுப்பகுதியும் ஒன்றேதானா. இவ்வளவு நாளும் இரண்டு வேறு கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் பின்னத்தை முதலில் சுருக்கிக்கொள்ள வேண்டுமா? 2916/1263 என்று கொடுத்தால்?

பழைய வாத்தியார்

வேண்டாம். அது 972/421ஐ மேலும் கீழும் 3ஆல் பெருக்கியது. வகுத்துப் பார்த்தால் மீதிகள் 390, 93, 18, 3 என்று எல்லாம் மூன்று மடங்காக வரும், ஈவுகள் அதே 2, 3, 4, 5, 6. பூச்சியத்துக்கு முந்தைய மீதி 3, அதுவே இரண்டு எண்களின் பொது வகுத்தி. தொடர் பின்னத்தை மட்டும் கையில் கொடுத்தால் அந்த 3 எங்கும் தெரியாது. அடியிலிருந்து ஏறினால் சுருக்கிய 972/421தான் வரும். வகுத்தலின் மீதிப் பத்தியில் மட்டும்தான் அது இருக்கிறது.

செங்கோணம்

மன்னிக்கவும், திரும்பத் திரும்ப வகுப்பது என்றால் நெடுவகுத்தல்தானே? 1ஐ 7ஆல் வகுத்துக்கொண்டே போனால் 142857 சுழல்கிறது, முடிவதே இல்லை. அப்புறம் எப்படி விகிதமுறு எண்ணின் தொடர் பின்னம் எப்போதும் முடியும் என்கிறார்கள்? சிலதுக்கு மட்டும் முடியுமா, 3/10 தசமத்தில் முடிவது போல?

பழைய வாத்தியார்

நீங்கள் சொல்வது வேறு வகுத்தல். நல்ல வேளை கேட்டீர்கள், பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

நெடுவகுத்தலில் வகுக்கும் எண் கடைசி வரை 7தான். மீதியைப் பத்தால் பெருக்கிப் பெரிதாக்கி மறுபடி அதே 7ஆல் வகுக்கிறோம். மீதி 7க்குக் கீழே இருக்கும், அவ்வளவுதான். ஏறலாம், இறங்கலாம், பழையது திரும்ப வரலாம். 1/7இல் மீதிகள் 3, 2, 6, 4, 5, 1 என்று சுற்றி, 1 வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

இங்கே மீதியைப் பெரிதாக்குவதே இல்லை. அந்த மீதியே அடுத்து வகுக்கும் எண்ணாகிறது, புதிய மீதி அதைவிடச் சின்னதாக இருந்தே ஆக வேண்டும். 421, 130, 31, 6, 1, 0. குறைந்துகொண்டே வரும் முழு எண்கள் எங்காவது பூச்சியத்தில் நின்றுதானே ஆக வேண்டும்? 1/7க்கு முதல் வகுத்தலில் ஈவு 0, மீதி 1. அடுத்து 7ஐ 1ஆல் வகுத்தால் 7, முடிந்தது. [0, 7]. பத்து என்ற எண்ணுக்கு இங்கே வேலையே இல்லை. தசமம் முடிவதும் முடியாததும் சுருக்கிய பின்னத்தின் பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக்காரணி உண்டா என்பதைப் பொறுத்தது. இது அப்படி இல்லை, எல்லா விகிதமுறு எண்ணுக்கும் முடியும்.

வரைபலகை

எனக்குப் படம் போட்டால்தான் எதுவும் ஏறும். மீதிப்புலியின் ராட்சச எண்ணையும் படத்தில் பார்த்துவிடலாம்.

நீளம் 10, உயரம் 3 உள்ள செவ்வகம் வரையுங்கள். உள்ளே எவ்வளவு பெரிய சதுரம் வெட்ட முடியும்? பக்கம் 3. அப்படி மூன்று சதுரம் வெட்டலாம். மிச்சம் அகலம் 1, உயரம் 3 உள்ள பட்டை. அதில் பக்கம் 1 உள்ள சதுரம் சரியாக மூன்று. காகிதம் தீர்ந்தது. சதுரங்களின் எண்ணிக்கை 3, 3. வாத்தியார் சொல்லும் ஈவுகள் இவைதான்.

இப்போது உயரம் 3க்கு ஒரு மயிரிழை குறைவு என்று வையுங்கள். முதல் மூன்று சதுரமும் ஒவ்வொரு மயிரிழை சிறியவை. அதனால் மிச்சப் பட்டையின் அகலம் 1க்கு மூன்று மயிரிழை அதிகம். உயரமோ 3க்கு ஒரு மயிரிழை குறைவு. அகலமான பட்டையில் மூன்று சதுரம் அடுக்கப் பார்த்தால் மூன்றாவது கொள்ளாது! இரண்டுதான் கொள்ளும். மீதியாக ஏறக்குறைய சதுரம் போலவே ஒரு துண்டு நிற்கும், அகலம் 1க்கு மூன்று மயிரிழை அதிகம், உயரம் 1க்கு ஏழு மயிரிழை குறைவு. அதில் ஒரு சதுரம் வெட்டலாம். மிஞ்சுவது பத்து மயிரிழை தடிமனும் கிட்டத்தட்ட 1 நீளமும் உள்ள நூல். அந்த நூலைச் சதுரங்களாக வெட்டினால் எத்தனை வரும்? லட்சம் கோடிக் கணக்கில் வரும்.

3, 2, 1, அப்புறம் ஒரு ராட்சசன். மீதிப்புலியின் விடை அச்சு அசல் இதுவே.

பழைய வாத்தியார்

அருமை, இதை நான் சொல்லியிருந்தால் பத்துப் பத்தி ஆகியிருக்கும்.

தனிமரம், "ஒரே ஒரு தொடர் பின்னம்" என்றீர்களே, இங்கே பாருங்கள். 3 என்பதை 2 + 1/1 என்றும் எழுதலாம். ஆகவே [0; 3, 3], [0; 3, 2, 1] இரண்டும் 3/10தான். ஒவ்வொரு விகிதமுறு எண்ணுக்கும் இப்படிச் சரியாக இரண்டு முகம் உண்டு. வகுத்தலில் இரண்டாவது முகம் வராது, ஏனென்றால் கடைசி வரியில் பெரிய எண்ணைச் சிறிய எண் மீதியில்லாமல் வகுக்கிறது, அங்கே ஈவு குறைந்தது 2. (எண்ணே 1 ஆக இருந்தால் மட்டும் விதிவிலக்கு.) ஆக, மீதிப்புலிக்கு வந்த 0, 3, 2, 1 வரை தப்பே இல்லை. கணினி வைத்திருக்கும் 0.3 உண்மையான 3/10ஐவிட ஒரு துளி சிறியது, அதனால் இரண்டாவது முகத்தின் பக்கம் விழுந்திருக்கிறது.

தனிமரம்

ஒப்புக்கொள்கிறேன், கடைசி 1 இல்லாமல் எழுதினால் ஒன்றே ஒன்று என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தத் துளியைக் கண்ணால் பார்க்கலாம், பார்த்தேன். பைத்தானில் `from fractions import Fraction` போட்டு `Fraction(0.3)` கொடுத்தால் கணினி உண்மையில் வைத்திருக்கும் எண் வரும்: 5404319552844595/18014398509481984. பகுதி 2இன் 54ஆவது அடுக்கு. இந்தப் பின்னத்தையே வாத்தியார் முறையில் முழு எண்களாக வகுத்தேன். மீதிகள் 1801439850948199, அப்புறம் 1801439850948197, அப்புறம் 2, அப்புறம் 1. அந்த 2 வந்ததும் மேலே இருக்கும் பெரிய எண்ணை 2ஆல் வகுக்க வேண்டியதாகிறது, ஈவு 900719925474098. ஆக [0, 3, 2, 1, 900719925474098, 2].

மீதிப்புலிக்கு வந்ததோ 750599937895082. இரண்டும் ராட்சசன்தான், ஆனால் ஒன்றல்ல. இது ஏன்?

பழைய வாத்தியார்

உங்களுடையது சேமித்திருக்கும் எண்ணின் உண்மையான தொடர் பின்னம். மீதிப்புலியுடையது அதுகூட இல்லை. `1 / 0.3` போடும்போதே விடையை மறுபடி சுற்றிச் சுருக்கி 3.3333333333333335 என்று வைத்துக்கொள்கிறது. அதிலிருந்து 3ஐக் கழித்ததும் முன்னால் இருந்த நல்ல இலக்கங்கள் போய்விடும், கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த பிழைக்கு மதிப்பு கூடிவிடும். அதைத் தலைகீழாக்கினால் 2.9999999999999987. இப்படி இரண்டு சுற்று போனதும் மிஞ்சுவது பெரும்பாலும் பிழைதான். அதைத் தலைகீழாக்கினால் 750 லட்சம் கோடி வராமல் என்ன செய்யும்?

இத்தனைக்கும் தீர்வு நான்கு வரி. பின்னமாகத் தெரிந்த எண்ணைத் தசமமாக்காதீர்கள்.

```python
p, q = 3, 10
while q:
    print(p // q)
    p, q = q, p % q
```

0, 3, 3 என்று அச்சிட்டு, தானே நிற்கும். எத்தனை சுற்று என்று முன்கூட்டிச் சொல்லவும் வேண்டியதில்லை.

செங்கோணம்

இதை நான் C மொழியில் எழுதி -7/3 கொடுத்தேன். -2, -3 என்று வந்தது. அது சரியா?

பழைய வாத்தியார்

மதிப்பு சரி, -2 + 1/(-3) = -7/3தான். ஆனால் வழக்கமான வடிவம் இல்லை. முதல் எண்ணுக்குப் பிறகு வருவதெல்லாம் நேர் எண்ணாக இருக்க வேண்டும். அதற்கு மீதி எப்போதும் நேர் எண்ணாக வரும்படி வகுக்க வேண்டும்: -7 = -3 × 3 + 2. அப்போது [-3, 1, 2]. பைத்தானின் `//` அப்படித்தான் வகுக்கிறது, C பூச்சியத்தை நோக்கி வெட்டுகிறது.

மீதிப்புலி

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். எப்போதும் பின்னமாகவே எண் கையில் கிடைக்குமா? அளந்த எண் தசமமாகத்தான் வரும். அப்போது ராட்சசன் வந்த இடத்தில் வெட்டிவிடலாம் என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு பெரிதாக இருந்தால் ராட்சசன்?

தனிமரம்

நான் பத்து லட்சத்துக்கு மேல் போனால் வெட்டிவிடுவேன்.

பழைய வாத்தியார்

0.3 போலத் தட்டச்சு செய்த எண்ணுக்குச் சரிப்படும், ஏனென்றால் அங்கே பிழை 16ஆவது, 17ஆவது இலக்கத்தில்தான் இருக்கிறது. மூன்று இலக்கம் மட்டுமே நம்பக்கூடிய ஓர் அளவீட்டில் உண்மையான பின்னம் முடிந்த இடத்தில் 40 வந்தாலே அது பிழையின் குரலாக இருக்கலாம். இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் எல்லை கிடையாது. பகுதி இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று தெரிந்தால் `Fraction`இன் `limit_denominator` பயன்படுத்தலாம், ஆனால் அந்த "இவ்வளவு" எங்கிருந்து வரும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கியர்பெட்டி

கணக்குக்காரர்கள் நடுவில் நுழைகிறேன். என்னிடம் பழைய லேத் இருக்கிறது, வெட்டும் கருவியை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அதில் அங்குல அளவில் உள்ளது. மி.மீ. மரை வெட்ட வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதனால் பற்சக்கர விகிதத்தில் 127 வந்தே தீரும், 127/100. 127 பகா எண், உடைக்க முடியாது. 127 பல் சக்கரமோ என் இயந்திரத்தின் மூடிக்குள் நுழையாது. 56/44 போட்டு ஓட்டினேன், அதாவது 14/11. சின்ன போல்ட்டுக்கு நட்டு ஏறியது. நீளமான திருகில் பாதி தூரம் போய்ப் பிடித்துக்கொண்டது. மூடிக்குள் கொள்ளும் சக்கரத்தில் இதைவிட நல்ல விகிதம் கண்டுபிடிக்க இந்த வகுத்தல் உதவுமா?

பழைய வாத்தியார்

இதற்காகவே பிறந்தது. வகுத்துப் பாருங்கள். 127ஐ 100ஆல் வகுத்தால் 1, மீதி 27. 100ஐ 27ஆல், 3, மீதி 19. அப்படியே போனால் ஈவுகள் 1, 3, 1, 2, 2, 1, 2. இந்த வரிசையைக் கடைசி வரை போகாமல் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, அடியிலிருந்து ஏறினால் 1, 4/3, 5/4, 14/11, 33/26, 47/37, கடைசியாக 127/100.

உங்கள் 14/11 நான்காவது இடத்தில் நிறுத்தியது. 1.2727, பிழை 100 மி.மீ. நீளத்தில் 0.2 மி.மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நட்டு பிடித்ததில் வியப்பில்லை. ஒரே ஓர் ஈவு மட்டும் விட்டு 47/37 எடுத்தால் அதே நீளத்தில் பிழை சுமார் 0.02 மி.மீ. மூடிக்குள் கொள்ளும் என்று நினைக்கிறேன்.

தனிமரம்

ஆமாம், இந்த வரிசையில் வருபவைதான் சிறந்த பின்னங்கள். இதற்கு வெளியே தேட வேண்டியதில்லை.

கியர்பெட்டி

37 பல், 47 பல் இரண்டும் என் பெட்டியில் இல்லை. இரண்டுமே பகா எண், வேறு சக்கரங்களை இணைத்தும் உண்டாக்க முடியாது. எனக்கு வருவது ஐந்து ஐந்தாக ஏறும் சக்கரங்கள். 35, 40, 45, 50.

பழைய வாத்தியார்

தனிமரம் மறுபடி அவசரப்பட்டார். வரிசைக்கு வெளியேயும் நல்லது இருக்கும்.

கடைசி ஈவு 2. அதை முழுவதும் விட்டால் 47/37, முழுவதும் எடுத்தால் 127/100. பாதியில் நிறுத்தி 2க்குப் பதில் 1 போட்டால்? மேலே இருந்த இரண்டு பின்னங்களையும் தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி கூட்டினால் போதும்: (33 + 47)/(26 + 37) = 80/63. வரிசையில் இது இல்லை. ஆனால் 80/63க்கும் 1.27க்கும் உள்ள வித்தியாசம் 0.01/63. 47/37க்கு அது 0.01/37. ஆக 100 மி.மீட்டரில் பிழை 0.0125 மி.மீ. மட்டுமே.

அதோடு 80, 63 இரண்டும் நன்றாக உடையும் எண்கள். 40/45 ஒரு ஜோடி, 50/35 இன்னொரு ஜோடி. இரண்டையும் பெருக்குங்கள்: 2000/1575, சுருக்கினால் 80/63. நான்கு சக்கரமும் உங்கள் பட்டியலிலேயே இருக்கின்றன.

வரைபலகை

படத்தில் சொன்னால், கடைசியில் இரண்டு குட்டிச் சதுரம் வெட்ட வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் வெட்டிவிட்டு எழுந்து போவது.

கியர்பெட்டி

பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான்கும் இருக்கின்றன. நடுத் தண்டில் இரண்டு சக்கரம் சேர்த்து மாட்ட இடம் போதுமா என்பதுதான் இப்போது கேள்வி, 50 பல் சக்கரம் தாங்கியில் இடிக்கும் போலத் தெரிகிறது. ஜோடி மாற்றி 50/45, 40/35 என்று போட்டாலும் விகிதம் அதேதானே?

பழைய வாத்தியார்

அதேதான். எது இடிக்காதோ அதை மாட்டுங்கள்.

மீதிப்புலி

வெட்டி முடித்ததும் நட்டு கடைசி வரை போகிறதா என்று எழுதுங்கள். நான் இதற்குள் `p, q` வைத்து என் நிரலைத் திருத்திவிட்டேன், 127, 100 கொடுத்தேன், 1, 3, 1, 2, 2, 1, 2 வந்து நின்றது. 1.27 என்று கொடுத்துப் பார்க்க மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை.